தர்மத்துக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது?

கேள்வி: "முதுகலை ஆய்வேட்டுக்காக பகவத்கீதை, தம்மபதம் இரண்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தர்மம் என்ற ஒரே சொல்லுக்கு ஒருவர் 'லா' என்கிறார், ஒருவர் 'டியூட்டி' என்கிறார், இன்னொருவர் 'ரிலிஜன்' என்கிறார். சீனத்துத் 'தாவோ'வுக்கும் இதே கதைதான். எது சரி என்று எப்படி முடிவு செய்வது? பேசாமல் மூலச்சொல்லையே அப்படியே விட்டுவிடலாமா?"

பதில்:

முழு நூலுக்கும் சேர்த்து "எது சரி" என்று கேட்டால் பதில் வராது. ஒரு குறிப்பிட்ட வரியை எடுத்து, அந்த இடத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். வராத இடங்களும் உண்டு. மூலச்சொல்லை விட்டுவைப்பதா வேண்டாமா என்பதை அந்த இடங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இதுதான் என் நிலைப்பாடு. உங்கள் இரண்டு நூல்களிலிருந்தே காட்டுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழ் பேசுகிற நமக்கு இந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. தர்ம ஆஸ்பத்திரி, தர்ம அடி, தர்மம் போடுங்க தாயே என்று காலையிலிருந்து இரவு வரை புழங்குகிறோம். அதனாலேயே பாலியிலோ சமஸ்கிருதத்திலோ இந்தச் சொல் வரும்போது நிறுத்திப் பார்க்காமல் கடந்துபோய்விடுகிறோம். ஆய்வுக்கு உட்காரும்போது இது தெரியாத சொல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தம்மபதத்திலிருந்து தொடங்கலாம். தர்மம் என்ற சொல்லின் பாலி வடிவம்தான் தம்மம். மொத்தம் 423 பாடல்கள் கொண்ட சின்ன நூல், ஒரே வாரத்தில் முழுதாக அலசிவிடலாம். மாக்ஸ் முல்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'கீழைத்தேயப் புனித நூல்கள்' வரிசையின் பத்தாம் தொகுதியில் 1881இல் வந்தது. அதை மூலத்தோடு பக்கத்தில் வைத்து நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்.

முதல் பாடலின் தொடக்கம் 'மனோபுப்பங்கமா தம்மா'. நேர்ப்பொருள்: தம்மங்கள் மனத்தை முன்னோடியாகக் கொண்டவை. முல்லர் இங்கே தம்மா என்பதை 'நாம் என்னவாக இருக்கிறோமோ அது எல்லாம்' என்று விரித்துவிட்டார். ஐந்தாம் பாடல், பகை பகையால் தணிவதில்லை என்ற புகழ்பெற்ற பாடல், 'ஏஸ தம்மோ சனந்தனோ' என்று முடிகிறது. அங்கே அவர் போட்டது 'பழைய விதி' என்ற பொருளில் 'ரூல்'. இருபதாம் பாடலில் தம்மத்தின்படி நடப்பவனைச் சொல்லும்போது 'லா'. 279ஆம் பாடலில் 'சப்பே தம்மா அனத்தா' என்று வரும்போது 'ஃபார்ம்ஸ்', அதாவது வடிவங்கள். ஒரே சொல்லுக்கு நான்கு ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலத்தை மட்டும் படிக்கிறவருக்கு இவை நான்கும் மூலத்தில் ஒன்றே என்று தெரிய வழியே இல்லை.

இதற்காக முல்லரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று பாலி உரைகாரர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். தம்மபத அட்டகதா, அதாவது பழைய உரை, முதல் பாடலை விளக்கும்போது தம்மம் என்பதற்கு குணம், உபதேசம், கற்கப்படும் திருமறை, உயிரோ ஆளோ அல்லாத வெறும் நிகழ்வு என்ற நான்கைச் சொல்லி, இந்தப் பாடலில் கொள்ள வேண்டியது கடைசிப் பொருள்தான் என்கிறது. அதோடு நிற்காமல், மனிதனைப் பௌத்தம் பிரித்துக் காட்டும் ஐந்து தொகுதிகளான கந்தங்களில் அது வேதனை, சஞ்ஞா, சங்காரம் என்ற மூன்று உருவற்றவற்றைக் குறிக்கிறது என்றும் இறுக்கிக் கட்டுகிறது. உணர்ச்சி, அடையாளம் காணல், மன இயக்கங்கள் ஆகிய இவற்றுக்கெல்லாம் மனமே முன்னால் போகிறது என்பது உரையின் கருத்து.

இப்போது முல்லரின் வரியைத் திரும்பப் படியுங்கள். நாம் நினைத்ததன் விளைவே நாம் என்ற அர்த்தம் வரும்படி இருக்கிறது. நீ எதை நினைக்கிறாயோ அதுவாகிறாய் என்று புத்தர் சொன்னதாகச் சுவரொட்டிகளில் பரவிய வாசகத்துக்கு ஊற்று இந்த மாதிரி மொழிபெயர்ப்புதான். மூலத்தில் 'நாம்' இல்லை. 'ஆகிறோம்' என்ற பேச்சும் இல்லை. கெட்ட மனத்தோடு பேசினாலும் செய்தாலும், வண்டியிழுக்கும் மாட்டின் குளம்பைச் சக்கரம் தொடர்வதுபோல் துன்பம் தொடரும் என்றுதான் பாடல் போகிறது. ஒரு சொல்லைக் கொஞ்சம் தளர்த்தியதில் ஒழுக்கம் பற்றிய பாடல் தன்னம்பிக்கைப் பாடலாகிவிட்டது.

279ஆம் பாடலில் வேறு வகையான இழப்பு. அதைத் தனியாகப் படிக்கக் கூடாது, 277, 278, 279 மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. 'சப்பே சங்காரா அனிச்சா', 'சப்பே சங்காரா துக்கா', 'சப்பே தம்மா அனத்தா'. சங்காரங்கள் எல்லாம் நிலையற்றவை, சங்காரங்கள் எல்லாம் துன்பம், தம்மங்கள் எல்லாம் ஆன்மா அற்றவை. முதல் இரண்டில் சங்காரம், மூன்றாவதில் மட்டும் தம்மம். இந்தச் சொல்மாற்றம் தற்செயல் அல்ல என்பது தேரவாத மரபின் விளக்கம். சங்காரம் என்றால் காரணங்களால் கூடி உருவானது. நிப்பானம், அதாவது நிர்வாணம், அப்படி உருவானதல்ல, அதனால் அது அநித்தியமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆனால் அதுவும் ஒரு தம்மம். ஆகவே 'தம்மங்கள் எல்லாம் அனாத்மா' என்னும்போது நிப்பானமும் உள்ளே வந்துவிடுகிறது, அதைக்கூட 'நான்' என்று பிடித்துக்கொள்ள முடியாது.

மூன்று வரிகளிலும் 'பொருள்கள்' என்று ஒரே சொல்லைப் போடுகிற மொழிபெயர்ப்பில் இந்த வாதம் காணாமல் போகும். முல்லர் அந்தத் தவறைச் செய்யவில்லை, சொல்லை மாற்றினார். ஆனால் அவர் மாற்றிப் போட்ட 'ஃபார்ம்ஸ்', பௌத்த நூல்களில் வழக்கமாக 'ரூபம்' என்பதற்கு வரும் சொல். படிப்பவர் ஐந்து கந்தங்களில் ஒன்றான ரூபத்தைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொள்வார். எல்லாவற்றிலும் அகலமான சொல் எல்லாவற்றிலும் குறுகலான சொல்லாகிவிடுகிறது.

இந்தச் சிக்கல்களை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடயம் இலக்கணம். முதல் பாடலிலும் 279இலும் 'தம்மா' என்பது பன்மை. ஐந்தாம் பாடலில் ஒருமை. பாலியில் பன்மையில் வரும் தம்மம் பெரும்பாலும் 'நிகழ்வுகள்' என்ற பொருளில்தான் வரும், புத்தரின் போதனை என்றால் ஒருமை. 'பெரும்பாலும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இதே விதியைத் தூக்கிக்கொண்டு கீதைக்குப் போனால் உடனே கவிழ்ந்துவிடுவீர்கள்.

கீதை 18ஆம் அத்தியாயம், 66ஆம் சுலோகம். 'சர்வதர்மான் பரித்யஜ்ய மாம் ஏகம் சரணம் வ்ரஜ.' எல்லா தர்மங்களையும் விட்டுவிட்டு என்னை ஒருவனையே சரணடை. இதுவும் பன்மை, ஆனால் பௌத்தர்களின் நிகழ்வுகளுக்கு இங்கே வேலையில்லை. ஃப்ராங்க்ளின் எட்ஜர்ட்டன் இதைக் 'கடமைகள்' என்ற பொருளில் 'டியூட்டீஸ்' என்றார். வான் பியூட்டனன் நூல் முழுக்கப் பெரிய எழுத்தில் 'லா' என்றே வைத்திருப்பவர், இங்கேயும் அதையே பன்மையில் போட்டார். பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் 'ரிலிஜன்' வகைகள் எல்லாவற்றையும் விட்டுவிடு என்றார். மூன்றையும் ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் மூன்று வெவ்வேறு கட்டளைகள்: கடமையை விடு, சட்டத்தை விடு, மதங்களை விடு.

இலக்கணத்தால் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. உரைகளுக்குப் போக வேண்டும், போனால் அங்கேயும் ஒருமித்த கருத்து இல்லை. சங்கரர், இங்கே தர்மம் என்ற சொல்லால் அதர்மத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: இங்கே பேசப்படுவது செயலே அற்ற நிலை, ஆகவே நல்வினையும் தீவினையுமாகிய எல்லாச் செயலையும் துறப்பதே கருத்து. ராமானுஜர் இரண்டு விளக்கம் தருகிறார். ஒன்றில் தர்மங்கள் என்பவை கர்மயோகம், ஞானயோகம், பக்தியோகம். அவற்றைச் செய்துகொண்டே பலனையும், 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தையும் விடுவதுதான் துறவு. இன்னொன்றில் தர்மங்கள் என்பவை பக்தியோகத்தைத் தொடங்கவிடாமல் தடுக்கும் பாவங்களுக்குச் செய்யும் கிருச்சிரம், சாந்திராயணம் போன்ற பிராயச்சித்தங்கள்.

இந்தச் சுலோகத்தில் தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பங்கு இருக்கிறது. ஸ்ரீவைணவர்கள் இதைச் சரம சுலோகம் என்று மூன்று ரகசியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பிள்ளை லோகாசாரியர் தம் மணிப்பிரவாள நூலான முமுட்சுப்படியில் இதைச் சொல் சொல்லாகப் பிரித்து விளக்கும்போது, தர்மம் என்பதைப் பலனைப் பெற்றுத்தரும் சாதனம் என்று வரையறுக்கிறார். எவ்வளவு துல்லியம் பாருங்கள். கடமையும் இல்லை, சட்டமும் இல்லை, மதமும் இல்லை: ஒன்றை அடைவதற்கான வழிமுறை. அந்த வழிமுறைகளையெல்லாம் விட்டு, என்னையே வழியாகப் பற்று என்று சுலோகம் சொல்வதாகிறது. அவற்றை விடுவது எந்தப் பொருளில் என்பதில் வேதாந்த தேசிகர் மாறுபடுகிறார். தென்கலை, வடகலைக் கருத்து வேறுபாட்டில் இந்தச் சுலோகத்தின் பொருளும் ஒரு முக்கியமான இடம்.

ஆக, இந்த இடத்தில் எந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டாலும் ஓர் உரைகாரரின் பக்கம் சாய்ந்தாகிவிட்டது, அல்லது எந்த உரைகாரரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாகிவிட்டது. 'ரிலிஜன்' இரண்டாம் வகைக்கு மிக அருகில் போகிறது. இந்து மதம், கிறிஸ்தவ மதம் என்று எண்ணிப் பிரிக்கும் இன்றைய பொருளை அது இழுத்துக்கொண்டு வருகிறது. சங்கரரோ ராமானுஜரோ அந்தப் பொருளில் இந்தச் சுலோகத்தைப் படிக்கவில்லை.

'லா' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். அது நூலறிவிலிருந்து மட்டும் வந்ததல்ல, நீதிமன்றத்திலிருந்தும் வந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களில் வாரிசுரிமை, திருமணம் போன்ற வழக்குகளில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன்படியும் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படியும் தீர்ப்பு என்று முடிவானது. அதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. ஹால்ஹெட் 1776இல் ஒரு தொகுப்பைப் பாரசீகம் வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், வில்லியம் ஜோன்ஸ் 1794இல் மனுவை மொழிபெயர்த்தார். தலைப்பிலேயே இந்துச் சட்டம் என்று வந்துவிட்டது. 1886இல் பியூலர், 1991இல் டோனிகரும் ஸ்மித்தும், 2005இல் ஒலிவெல் என்று தலைப்பில் 'லா' தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் மனுவைத் திறந்து பார்த்தால் படைப்பில் தொடங்கி, மாணவன் நடத்தை, உண்ணத்தக்கது தகாதது, சிராத்தம், தீட்டு என்று போய், கடைசி அத்தியாயத்தில் மறுபிறவியில் முடிகிறது. வழக்காடுமன்றத்துக்கு உரிய பகுதிக்கு வியவகாரம் என்று தனிப் பெயரே உண்டு, அது எட்டு, ஒன்பதாம் அத்தியாயங்களில் பதினெட்டுத் தலைப்புகளாக வருகிறது. அந்தப் பகுதிக்குச் சட்டம் என்ற சொல் நன்றாகவே பொருந்தும். தர்மத்துக்கு மூலங்கள் எவை என்று இரண்டாம் அத்தியாயம் சொல்லும் நான்கில், வேதம், ஸ்மிருதி, நல்லோர் ஒழுக்கம் ஆகியவற்றோடு தன் மனத்துக்கு உகந்ததும் ஒன்று. அதைச் சட்டத்தின் மூலம் என்று எந்த நீதிபதியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, மூலச்சொல்லையே விட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே ஓர் அருமையான வழக்கு நடந்திருக்கிறது. 647இல் தாங் பேரரசர் தாய்சோங், லாவோட்சுவின் நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும்படி சுவான்சாங்குக்கு உத்தரவிட்டார். நாம் யுவான் சுவாங் என்று பள்ளியில் படித்தவர்தான். அவரோடு தாவோ அறிஞர்களையும் உட்கார வைத்தார்கள். 'தாவோ'வுக்குச் சமஸ்கிருதத்தில் என்ன போடுவது என்பதில் தகராறு வந்துவிட்டது. தாவோ அறிஞர்கள் 'போதி' என்று போடச் சொன்னார்கள். பழைய பௌத்த மொழிபெயர்ப்புகளில் போதிக்குத் 'தாவோ' என்று சீனத்தில் போட்டிருந்ததால், அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சுவான்சாங் ஒத்துக்கொள்ளவில்லை. போதி என்றால் விழிப்பு, தாவோ என்றால் வழி, ஆகவே 'மார்க்கம்' என்றுதான் போட வேண்டும் என்று நின்றார்.

இரண்டு தரப்புக்கும் சமயக் கணக்கு இருந்தது. போதி என்று போட்டால் லாவோட்சுவின் நூல் புத்தரின் ஞானத்துக்குச் சமமாகிவிடும், மார்க்கம் என்றால் அது வெறும் பாதை. தாவோ என்ற ஒலியையே சமஸ்கிருதத்தில் எழுதிவிட்டிருந்தால் சண்டையே வந்திருக்காதே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒலி கேட்கிற எந்த இந்தியனுக்கும் ஒன்றையும் சொல்லியிருக்காது. சில வகைச் சொற்களைப் பெயர்க்காமல் ஒலியாகவே எழுத வேண்டும் என்ற விதிமுறைகளைச் சீன பௌத்த மரபு இதே சுவான்சாங்கின் பெயரில்தான் சொல்கிறது. பல பொருள் கொண்ட சொல் அதில் ஒரு வகை. அப்படியிருந்தும் சீன பௌத்தத்தில் தர்மத்தை ஒலியாக விடவில்லை, 'ஃபா' என்ற ஒரே எழுத்தால் பெயர்த்தார்கள். சட்டம், முறை என்ற பொருள் கொண்டிருந்த அந்தச் சொல்லுக்குப் பல நூற்றாண்டு உரைகள் புதுப் பொருளை ஏற்றின. வான் பியூட்டனன் ஒரே 'லா'வை வைத்துக்கொண்டது அதே உத்திதான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒரு உரைமரபு கிடையாது.

தாவோவுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நூலின் முதல் வரி 'தாவோ கெ தாவோ, ஃபெய் சாங் தாவோ'. ஆறே எழுத்துகளில் தாவோ மூன்று முறை வருகிறது, நடுவில் உள்ளது வினைச்சொல். சீனத்தில் அந்தச் சொல்லுக்கு வழி என்பதோடு சொல்லுதல் என்றும் பொருள். ஜேம்ஸ் லெக் 1891இல் 'நடக்கக்கூடிய தாவோ' என்று எடுத்தார், ஆர்தர் வேலி 1934இல் 'சொல்லக்கூடிய வழி' என்றார். அடுத்த வரி இதே அமைப்பில் 'பெயரிடக்கூடிய பெயர்' என்று வருவதால் வேலியின் பக்கம் எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஆனால் எந்த ஆங்கிலச் சொல்லும் வழியாகவும் பேச்சாகவும் ஒரே நேரத்தில் நிற்காது என்பதால், அந்தச் சிலேடை ஆங்கிலத்தில் செத்துப்போகிறது. யோவான் நற்செய்தியின் 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்பதில் உள்ள வார்த்தைக்குச் சீன பைபிளில் தாவோ என்றே போட்டார்கள். அந்தப் பேச்சுப் பொருள் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மூலச்சொல்லை விடுவது நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய ஆங்கிலத்தில் 'தர்மா' ஏற்கெனவே அகராதியில் ஏறிய சொல், யோகா வகுப்பு வாசனையோடு அதற்கென்று ஒரு மங்கலான பொருளும் வந்துவிட்டது. தம்மபதம் 279இல் 'எல்லா தர்மாக்களும்' என்று விட்டால் படிப்பவர் மதங்கள் என்றோ கடமைகள் என்றோதான் நினைப்பார். அங்கே பெயர்க்க வேண்டும், சங்காரத்திலிருந்து வேறுபட்ட சொல்லாகப் பார்த்துப் பெயர்க்க வேண்டும். கீதை 18.66இல் நிலைமை தலைகீழ். அங்கே அந்தச் சொல்லின் பொருள்தான் சர்ச்சையே, எதைப் போட்டாலும் சர்ச்சை மறைந்துவிடும். அங்கே விட்டுவைத்து, கீழே குறிப்பில் உரைகாரர்கள் சொல்வதை எழுதுவதுதான் நேர்மை. பொருள் உறுதியான இடத்தில் பெயர்ப்பது, நூலே அந்தச் சொல்லைப் பற்றி வாதாடும் இடத்தில் விட்டுவைப்பது என்று நான் பிரித்துக்கொள்வேன்.

உங்கள் ஆய்வேட்டுக்கு வேலை முறை இப்படி இருக்கலாம். ஒரு நூலில் அந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் அட்டவணையாக்குங்கள், தொகைச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதையும் விடாமல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருமையா பன்மையா, என்ன வேற்றுமை, எந்த வினையோடு வருகிறது, எதிர்ச்சொல் பக்கத்தில் இருக்கிறதா, உரை என்ன சொல்கிறது என்று குறியுங்கள். அப்புறம்தான் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரின் சொல்லையும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் நிரப்ப வேண்டும். வரிசையை மாற்றினால் ஆங்கிலச் சொல்லே உங்கள் வாசிப்பை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி எதிர்ச்சொல்தான். தர்மத்துக்கு 'டியூட்டி' என்று போட்ட மொழிபெயர்ப்பாளர், கீதை 4.7இல் அதர்மம் தலைதூக்கும்போது என்று வரும் இடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கடமையின்மை தலைதூக்குகிறது என்று எழுத முடியாது. சொல்லை மாற்றியே ஆக வேண்டும். அப்படி மாற்றுகிற ஒவ்வொரு இடமும், அவர் முதலில் தேர்ந்த சொல் எதுவரை தாங்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் காலத்திலேயே வேற்று மொழியில் பெயர்த்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஒப்பிட ஒரு சாட்சியும் உங்களுக்கு இருக்கிறது. 1958இல் காந்தகாரில் கிடைத்த அசோகரின் இருமொழிக் கல்வெட்டில், தம்மத்துக்கு உரிய இடத்தில் கிரேக்கத்தில் 'யூசேபியா' என்றும், அரமேயத்தில் 'உண்மை' என்ற பொருள் தரும் சொல்லும் இருக்கின்றன. யூசேபியா என்பது தெய்வங்களிடமும் பெற்றோரிடமும் காட்டும் பயபக்தி. கிரேக்கத்தில் சட்டத்துக்கு 'நோமோஸ்' என்று நல்ல சொல் கையருகே இருந்தும் பெயர்த்தவர் அதை எடுக்கவில்லை. ஹுல்ட்ஷ் 1925இல் அசோகர் கல்வெட்டுகளைப் பதிப்பித்தபோது ஆங்கிலத்தில் 'மொராலிட்டி' என்று வைத்தார். இதையும் அந்தக் கிரேக்கச் சொல்லையும் அட்டவணையில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒழுக்கம் அப்படியே இருக்கிறது, வணக்கம் விழுந்துவிட்டது. 'லா' பற்றி எழுதும் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே இதையும் வைக்கலாம்.